சந்தை பாதியில் நின்றால் என்ன செய்வது? சர்க்யூட் பிரேக்கர் பற்றிப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டீமேட் கணக்கு தொடங்கும்போது பக்கம் பக்கமாகக் கையெழுத்து வாங்குகிறார்கள். ஆனால் வர்த்தகம் நடந்துகொண்டிருக்கும்போதே சந்தை நின்றுபோனால் நம் ஆர்டர் என்ன ஆகும், எப்போது திறக்கும், உடனே பணம் கட்ட வேண்டுமா என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. 2020 மார்ச் 23 காலை அப்படி நின்றபோது என் தரகரின் செயலியில் ஒரு வரி அறிவிப்புகூட வரவில்லை. சேவை மைய எண்ணில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றையும் அங்கங்கே தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நீங்கள் அப்படி அலைய வேண்டாம் என்பதற்காக இதை வரிசையாக எழுதுகிறேன். இது முழுக்க இந்தியச் சந்தைக்கானது. மற்ற நாடுகளில் அளவுகளும் நேரங்களும் வேறு.

1. முதலில் எல்லைகளைக் கணக்கிடுங்கள்

குறியீடு ஒரே நாளில் அளவுக்கு மீறி நகர்ந்தால் சந்தை முழுவதையும் நிறுத்தும் ஏற்பாடுதான் சர்க்யூட் பிரேக்கர். அதற்கான எல்லைகள் மூன்று: 10%, 15%, 20%. நிஃப்டி 50, சென்செக்ஸ் இரண்டில் எது முதலில் எல்லையைத் தொட்டாலும் என்எஸ்இ, பிஎஸ்இ இரண்டும் சேர்ந்தே நிற்கும். பங்குகள் மட்டுமல்ல, பங்கு சார்ந்த ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எல்லாம் நிற்கும். ஏறினாலும் இதே விதிதான், ஆனால் ஏறி நிற்கும் நாளில் யாரும் இந்த மாதிரிக் கட்டுரையைத் தேடுவதில்லை.

சதவீதத்தை எதிலிருந்து கணக்கிடுகிறார்கள் என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். முந்தைய நாள் முடிவிலிருந்துதான் கணக்கு. இன்றைய உச்சத்திலிருந்து அல்ல, இரண்டு நாள் வீழ்ச்சியைச் சேர்த்தும் அல்ல. தேர்தல் முடிவு வந்த 2024 ஜூன் 4 அன்று நிஃப்டி முந்தைய நாள் முடிவான 23,263.90இலிருந்து ஒரு கட்டத்தில் 21,281.45 வரை போனது. அது 8.5% வீழ்ச்சி. "இதோ நிற்கப் போகிறது" என்று பலர் காத்திருந்தார்கள். 10% ஆகாததால் நிற்கவே இல்லை.

எனவே சந்தை மோசமாகத் திறக்கும் என்று தெரிந்த காலையில், நேற்றைய முடிவை 0.90, 0.85, 0.80 ஆகியவற்றால் பெருக்கி மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். நிஃப்டிக்கு ஒருமுறை, சென்செக்ஸுக்கு ஒருமுறை. ஒரு நிமிட வேலை.

2020 மார்ச் 13ஐ எடுத்துக்கொள்வோம். முந்தைய நாள் நிஃப்டி முடிவு 9,590.15. அதில் 90% என்றால் ஏறக்குறைய 8,631. காலை 9:15க்குச் சந்தை திறந்தது, 9:20 வாக்கில் நிஃப்டி 8,624.05இல் நின்றது. அதாவது 10.07% வீழ்ச்சி. சரியாக 10%இல் நிற்காமல் கொஞ்சம் தாண்டி நிற்பது இயல்புதான்: குறியீட்டில் உள்ள பங்குகளில் ஒவ்வொரு வர்த்தகம் நடந்த பிறகும் குறியீட்டைக் கணக்கிட்டு எல்லையோடு ஒப்பிடுகிறார்கள், தாண்டியது தெரிந்ததும் ஆர்டர்களைப் பொருத்துவதை நிறுத்துகிறார்கள். அந்த நேரத்தில் சென்செக்ஸ் 9.43% தான் இறங்கியிருந்தது. பத்து நாள் கழித்து, மார்ச் 23 அன்று, கதை தலைகீழ். சென்செக்ஸ் 26,924.11க்கு வந்து 10%ஐத் தாண்டியது, நிஃப்டி 9.63%இல் இருந்தது. ஒரே ஒரு குறியீட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதில் ஏதோ ஒரு நாளில் "ஏன் நின்றது?" என்றே புரிந்திருக்காது.

2. நின்றது சந்தைதானா என்று உறுதி செய்யுங்கள்

திரை உறைந்தால் காரணம் நான்கில் ஒன்றாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு.

உங்கள் பங்கு மட்டும் நகரவில்லை என்றால் அது லோயர் சர்க்யூட். பல பங்குகளுக்குத் தனித்தனியாக 2%, 5%, 10%, 20% என்று அன்றாட விலை எல்லை உண்டு. அந்த எல்லையைத் தொட்டாலும் வர்த்தகம் நிற்பதில்லை, அதற்குக் கீழே விற்க முடியாது, அவ்வளவுதான். ஆர்டர் பட்டியலைப் பாருங்கள்: விற்பவர் பக்கம் லட்சக்கணக்கில் குவிந்திருக்கும், வாங்குபவர் பக்கம் பூஜ்யமாக இருக்கும். உங்கள் விற்பனை ஆர்டரும் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கும். ஃபியூச்சர்ஸ் இருக்கும் பெரிய பங்குகளுக்கு இப்படி நிலையான எல்லை கிடையாது. 10%இல் தொடங்கி, நிபந்தனைகள் பொருந்தினால் எல்லையைத் தளர்த்திக்கொண்டே போவார்கள்.

எல்லாப் பங்குகளும் நின்றிருக்கின்றன, ஆனால் நண்பரின் செயலியில் ஓடுகிறது என்றால் கோளாறு உங்கள் தரகரிடமோ உங்கள் இணைப்பிலோ இருக்கிறது.

ஒரு சந்தை நின்று மற்றொன்று ஓடினால் அது சந்தையின் தொழில்நுட்பக் கோளாறு. 2021 பிப்ரவரி 24 அன்று என்எஸ்இ காலை 11:40க்கு நின்றது. பிஎஸ்இ வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது. என்எஸ்இ மீண்டும் மாலை 3:45க்குத் திறந்து 5 மணி வரை நடந்தது. சர்க்யூட் விதிகளில் உள்ள நேரக் கணக்கு எதுவும் அன்று பொருந்தவில்லை.

இரண்டு சந்தைகளும் ஒரே நேரத்தில் நின்று, நீங்கள் எழுதி வைத்த எண்ணை ஏதோ ஒரு குறியீடு தாண்டியிருந்தால்தான் அது சர்க்யூட் பிரேக்கர். nseindia.com, bseindia.com இரண்டிலும் சந்தை நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவை நம்ப வேண்டாம்.

3. மணியைப் பாருங்கள், திறக்கும் நேரம் தெரிந்துவிடும்

எவ்வளவு நேரம் நிற்கும் என்பது எந்த எல்லை, எத்தனை மணிக்கு என்ற இரண்டையும் பொறுத்தது.

- 10%, பகல் 1 மணிக்கு முன்: 45 நிமிடம் நிறுத்தம். 1 மணியிலிருந்து 2:30க்குள்: 15 நிமிடம். 2:30க்கு மேல்: நிறுத்தமே இல்லை.
- 15%, பகல் 1 மணிக்கு முன்: 1 மணி 45 நிமிடம். 1 மணியிலிருந்து 2 மணிக்குள்: 45 நிமிடம். 2 மணிக்கு மேல்: அன்றைக்குக் கடை மூடியாச்சு.
- 20%, எந்த நேரமானாலும்: அன்று முழுவதும் மூடல்.

நிறுத்தம் முடிந்ததும் நேராக வர்த்தகம் தொடங்காது. இன்னும் 15 நிமிடம் ப்ரீ-ஓப்பன் ஏலம் நடக்கும், அதன் பிறகுதான் வழக்கமான வர்த்தகம். இதைக் கூட்டாமல் கணக்கிடுவதுதான் எல்லோரும் விழும் குழி. மார்ச் 13 அன்று 9:20க்கு நின்றது. 45 நிமிடம் கூட்டினால் 10:05, ஏலத்துக்கு 15 நிமிடம் கூட்டினால் 10:20. அன்று சரியாக அப்படித்தான் திறந்தது. 10:05க்கே "இன்னும் திறக்கவில்லையே" என்று செயலியை மூடித் திறந்துகொண்டிருந்தவர்கள் அந்த ஏலத்தைத் தவறவிட்டார்கள்.

இன்னும் ஒன்று. 10%க்காக ஒருமுறை நின்று திறந்த பிறகு, சந்தை அந்த 10% கோட்டுக்குக் கீழேயே ஓடினாலும் மீண்டும் அதற்காக நிற்காது. அடுத்த நிறுத்தம் 15%இல்தான், அதுவும் நேற்றைய முடிவிலிருந்து. மார்ச் 23 அன்று 10:58 வாக்கில் மீண்டும் திறந்து, மேலும் இறங்கி, சென்செக்ஸ் 13.15% வீழ்ச்சியோடு 25,981.24இல் முடிந்தது. 15% எல்லை ஏறக்குறைய 25,429. அதைத் தொடாததால் நாள் முழுக்க ஓடியது.

4. ஏன் நிறுத்துகிறார்கள் என்று புரிந்துகொண்டால் பதற்றம் குறையும்

சந்தை வேகமாக இறங்கும்போது விற்பவர்கள் எல்லோரும் விரும்பி விற்பதில்லை. கடனில் அல்லது மார்ஜினில், அதாவது ஒரு பகுதிப் பணத்தை மட்டும் ஈடாக வைத்து வாங்கியவர்களின் ஈடு, விலை இறங்க இறங்கப் போதாமல் போகிறது. பணம் வராவிட்டால் தரகரே அவர்களின் பங்குகளை விற்கிறார். அந்த விற்பனை விலையை இன்னும் இறக்குகிறது, அடுத்தவரின் ஈடும் போதாமல் போகிறது. அதே நேரத்தில் வாங்க ஆர்டர் போட்டிருந்தவர்கள் பயந்து ரத்து செய்துவிடுகிறார்கள். 500 ரூபாய்ப் பங்குக்கு வழக்கமாக 499, 498, 497 என்று வாங்குபவர்கள் நெருக்கமாக இருப்பார்கள். பீதியில் 499க்குப் பிறகு 480, அதற்குப் பிறகு 455 என்று இடைவெளி விழுந்துவிடும். அப்போது விலை குறிப்பிடாமல் வருகிற ஒரு பெரிய மார்க்கெட் ஆர்டர் அத்தனை படியையும் இறங்கி 455க்கு விற்று முடிக்கும். அந்த விலை பங்கின் மதிப்பைச் சொல்லவில்லை, அந்த நொடியில் வாங்க ஆள் இல்லை என்பதை மட்டுமே சொல்கிறது.

நிறுத்தம் இந்தச் சங்கிலியை அறுக்கிறது. மார்ஜின் போதாதவர்கள் பணம் கொண்டுவர நேரம் கிடைக்கிறது. தரகர்களும் யாரிடம் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்று கணக்குப் பார்க்கலாம். ஓரமாக நின்றவர்கள் விலையைப் பார்த்துவிட்டு வாங்க வரலாம். பிறகு நடக்கும் ஏலத்தில் எல்லா ஆர்டர்களையும் ஒன்றாகச் சேர்த்து, அதிக எண்ணிக்கையில் பங்கு கைமாறக்கூடிய ஒரே விலையைக் கண்டுபிடிக்கிறார்கள். ஒவ்வொரு ஆர்டராகப் பள்ளத்தில் விழுவதைவிட இது மேல்.

இறங்கிய காரணத்தை நிறுத்தத்தால் மாற்ற முடியாது. மார்ச் 13 அன்று நிறுத்தத்துக்குப் பிறகு நிஃப்டி திரும்பி ஏறி 9,955.20இல் முடிந்தது, நின்ற இடத்திலிருந்து 15%க்கும் மேல். மார்ச் 23 அன்று திறந்த பிறகு இன்னும் இறங்கியது. ஒரே மாதம், ஒரே விதி, எதிரெதிர் முடிவு. "நின்று திறந்தால் ஏறும்" என்று யாராவது சூத்திரம் சொன்னால் இந்த இரண்டு நாளையும் காட்டுங்கள்.

எல்லைகளை மிக நெருக்கமாக வைத்தாலும் வினைதான். சீனாவில் 2016 ஜனவரியில் 5% இறங்கினால் 15 நிமிடம், 7% இறங்கினால் அன்று முழுவதும் என்று விதி கொண்டுவந்தார்கள். 5%இல் நின்று திறந்ததும், 7%இல் மூடிவிடுவார்கள் என்ற பயத்திலேயே எல்லோரும் முண்டியடித்து விற்றார்கள். ஜனவரி 4, 7 இரண்டு நாளும் சந்தை முழுதாக மூடியது. அந்த வாரமே விதியைக் கைவிட்டார்கள்.

5. நிறுத்த நேரத்தில் செய்ய வேண்டிய வேலைகள்

முதலில் ஆர்டர் புத்தகத்தைத் திறந்து நிலுவையில் இருந்த ஒவ்வொரு ஆர்டரின் நிலையையும் பாருங்கள். நிற்கும் முன் போட்ட ஆர்டர் அப்படியே காத்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். Cancelled என்று காட்டினால் புதிதாகப் போட வேண்டும். குறிப்பாக, விலை ஓர் அளவுக்குக் கீழே போனால் தானாக விற்கச் சொல்லும் ஸ்டாப் லாஸ். அது இருக்கிறது என்ற நம்பிக்கையில் இருந்துவிட்டால் திறந்த பிறகு பாதுகாப்பே இருக்காது. திரையை நேரத்தோடு ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எட்டாவது படியில் உதவும்.

இரண்டாவது, பணம். ஃபியூச்சர்ஸ் வைத்திருந்தாலோ ஆப்ஷன் விற்றிருந்தாலோ தரகரின் கடனில் பங்கு வாங்கியிருந்தாலோ, எவ்வளவு மார்ஜின் குறைகிறது என்று Funds பக்கத்தில் தெரியும். ஃபியூச்சர்ஸில் அன்றைய நஷ்டத்தை ரொக்கமாகவே கட்ட வேண்டும், பங்குகளை அடமானம் வைத்திருப்பது அதற்கு உதவாது. பணத்தைக் கணக்கோடு பதிவு செய்த வங்கியிலிருந்து மட்டுமே அனுப்புங்கள். மனைவி கணக்கிலிருந்தோ அண்ணன் கணக்கிலிருந்தோ அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அந்த நேரத்தில் அது பெரிய தலைவலி. யுபிஐ வழியாகச் செயலிக்குள்ளேயே அனுப்பினால் சாதாரணமாக உடனே வரவாகும். நெஃப்ட்டில் அனுப்பினால் தரகரின் கணக்கில் ஏறத் தாமதமாகலாம். பணம் கட்டாவிட்டால் உங்களைக் கேட்காமலே விற்கத் தரகருக்கு உரிமை உண்டு, அந்தப் படிவத்திலும் நாம் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

மூன்றாவது, ஆவணம். டீமேட்டில் இருக்கும் பங்கை விற்கும்போது தரகரே எடுத்துக் கொடுக்க அனுமதிக்கும் டிடிபிஐ படிவத்தைக் கொடுத்திருந்தால் பிரச்சினை இல்லை. கொடுக்கவில்லை என்றால் விற்கும்போது டிபின் எண்ணும் ஓடிபியும் கேட்கும். பீதி நாளில் ஓடிபி வருவதற்குள் விலை எங்கேயோ போய்விடும். விற்கும் எண்ணம் இருந்தால் நிறுத்த நேரத்திலேயே அந்த அனுமதியை முடித்துவிடப் பாருங்கள். டிடிபிஐக்கு ஒருமுறை கட்டணம் தரகருக்குத் தரகர் மாறும், அதை அமைதியான ஒரு வாரத்தில் கொடுத்து வைப்பது நல்லது. மின்னணு முறையில் விண்ணப்பித்தாலும் பதிவாகச் சில நாள் ஆகலாம்.

6. அந்த 15 நிமிட ஏலத்தில்

இது தினமும் காலை 9 மணிக்கு நடக்கும் ப்ரீ-ஓப்பன் போன்றதுதான். முதல் சில நிமிடங்களில் மட்டுமே ஆர்டர் போடவும் மாற்றவும் முடியும், மீதி நேரம் பொருத்துவதற்கு. கடைசி நிமிடம் வரை காத்திருக்காதீர்கள். ஆர்டர் வாங்கும் நேரம் எந்த நொடியில் முடியும் என்பது முன்கூட்டித் தெரியாது.

மார்க்கெட் ஆர்டர் வேண்டவே வேண்டாம், லிமிட் ஆர்டர் மட்டும் போடுங்கள். விற்பதாக இருந்தால் "இதற்குக் கீழே கொடுக்க மாட்டேன்" என்ற விலையைப் போடுங்கள். ஏல விலை அதைவிட மேலாக வந்தால் அந்த மேலான விலைதான் கிடைக்கும், நஷ்டமில்லை. ஸ்டாப் லாஸ் ஆர்டரை இந்த 15 நிமிடத்தில் ஏற்க மாட்டார்கள், வழக்கமான வர்த்தகம் தொடங்கிய பிறகுதான் போட முடியும்.

என் கருத்தைக் கேட்டால், கடன் இல்லாமல் சொந்தப் பணத்தில் வாங்கி வைத்திருப்பவர் இந்த ஏலத்தில் எதுவும் செய்யாமல் இருப்பதே உத்தமம். இந்த அவசரம் எல்லாம் மார்ஜினில் இருப்பவர்களுக்குத்தான்.

7. இன்ட்ராடேயில் மாட்டிக்கொண்டால்

அன்றே வாங்கி அன்றே விற்பதற்காக MIS என்று போட்ட இன்ட்ராடே ஆர்டர்களைத் தரகர் பிற்பகல் 3:15 வாக்கில் தானாக முடித்துவிடுவார். ஆனால் அன்று முழுவதும் சந்தை மூடிவிட்டால் முடிக்க வழியே இல்லை. வாங்கியிருந்தால் அந்தப் பங்கு டெலிவரியாக மாறும், முழுத் தொகையும் கட்ட வேண்டும். ஐந்தில் ஒரு பகுதிப் பணத்தை வைத்து வாங்கியவருக்கு மீதி நான்கு பகுதியையும் திரட்ட வேண்டிய நிலை.

இல்லாத பங்கை முதலில் விற்றவருக்கு வேறு விதமான சிக்கல். சந்தை இறங்கியதால் கையில் லாபம் இருப்பதுபோல் தெரியும், ஆனால் திரும்ப வாங்க முடியாததால் டெலிவரி கொடுக்க முடியாமல், உங்களுக்குப் பதிலாக வேறொருவரிடம் அந்தப் பங்கை வாங்கித் தரும் செட்டில்மென்ட் ஏலத்துக்குப் போகும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 பங்கை 500க்கு விற்றீர்கள், 420இல் சந்தை மூடியது. கையில் 8,000 ரூபாய் லாபம். அடுத்த நாள் ஏலத்தில் பங்கு கிடைக்கவில்லை, பங்கு 450இல் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பங்குக்குப் பதில் பணமாகவே தீர்க்கும் க்ளோஸ்-அவுட் விலை குறைந்தது அந்த முடிவைவிட 20% மேலே, அதாவது 540. லாபம் போய் 4,000 ரூபாய் நஷ்டம், தரகரின் கட்டணம் தனி. மோசமாகத் திறந்த நாளில், 10% நிறுத்தம் முடிந்து திறந்த பிறகும் இப்படி விற்ற நிலையிலேயே இருப்பவர்கள், 15% எல்லையும் பிற்பகல் 2 மணியும் நெருங்குவதற்குள் முடித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

மியூச்சுவல் ஃபண்டு வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் கிடையாது. பிற்பகல் 3 மணிக்குள் ஃபண்டுக்கு வந்து சேரும் விண்ணப்பத்துக்கு அன்றைய என்ஏவி, அதாவது அன்றைய யூனிட் விலை. வாங்குவதாக இருந்தால் பணமும் அதற்குள் ஃபண்டுக்குப் போயிருக்க வேண்டும். இடிஎஃப் மட்டும் சந்தையில் விற்கப்படுவதால் சந்தையோடு சேர்ந்து நிற்கும்.

8. அன்று மாலையும் அதன் பிறகும்

அன்றைய வர்த்தகங்களைப் பட்டியலிடும் கான்ட்ராக்ட் நோட் 24 மணி நேரத்துக்குள் மின்னஞ்சலில் வரும். அதில் உள்ள ஒவ்வொரு வர்த்தகத்தின் நேரத்தையும் நிறுத்த நேரத்தோடு ஒப்பிடுங்கள். தரகர் உங்கள் பங்கை விற்றிருந்தால் எத்தனை மணிக்கு, என்ன விலைக்கு என்று பார்த்து, அதற்கு முன் மார்ஜின் கேட்டு வந்த குறுஞ்செய்தியையும் மின்னஞ்சலையும் சேர்த்து வையுங்கள். லெட்ஜரில் வட்டி, அபராதம் என்று புதிதாக ஏதாவது ஏறியிருக்கிறதா என்று அடுத்த ஒரு வாரம் கவனியுங்கள், அன்றே எல்லாம் ஏறிவிடாது.

சரியில்லை என்று தோன்றினால் முதலில் தரகருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், தொலைபேசியில் பேசினால் கையில் ஆதாரம் இருக்காது. பதில் திருப்தி தராவிட்டால் scores.sebi.gov.in தளத்தில் பதியலாம். கட்டணம் இல்லை, 21 நாட்களுக்குள் தரகர் பதிலளிக்க வேண்டும். புகாரில் ஆர்டர் எண், நேரம், நீங்கள் திரையை எடுத்து வைத்த படங்கள், கான்ட்ராக்ட் நோட் நான்கையும் இணையுங்கள். சந்தை நின்றதால் வந்த நஷ்டத்துக்கு ஈடு கேட்டு எழுதினால் ஒன்றும் நடக்காது. ஆர்டர் ரத்தானதைத் தெரிவிக்கவில்லை, வரவான பணத்தைக் கணக்கில் காட்டாமல் பங்கை விற்றார்கள் என்பது போன்ற குறிப்பான தவறை நேரத்தோடு சொன்னால் மட்டுமே பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் தரகருக்கு வரும்.